பழைய சகாவிடம் ‘ரெஃபரன்ஸ் தர முடியாது’ என்று சொல்வது எப்படி (நான் ஒரு தடவை சொதப்பிய பிறகு கற்றுக்கொண்டது)

கும்பகோணத்தில் ஒரு தனியார் நிதி நிறுவனக் கிளையில் சில வருடங்கள் உதவி மேலாளராக இருந்தேன். அதை விட்டு வந்த பிறகும், எனக்குக் கீழே வேலை பார்த்த பிள்ளைகள் புது இடத்துக்கு விண்ணப்பிக்கும்போது என் பெயரையும் எண்ணையும் கேட்பார்கள். முக்கால்வாசிப் பேருக்குச் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவேன். இந்தப் பதிவு மிச்சமுள்ள கால்வாசிக்காக.

முதல் தடவை ஒருவர் கேட்டபோது எனக்கு மனமில்லை. முகத்தில் அடித்தாற்போலச் சொல்லவும் வரவில்லை. “பார்க்கலாம் தம்பி” என்றேன். நம்ம பக்கம் இந்த ‘பார்க்கலாம்’ ஒரு விசித்திரமான வார்த்தை. சொல்கிறவன் ‘மாட்டேன்’ என்று நினைத்துச் சொல்வான், கேட்கிறவன் ‘சரி’ என்று எடுத்துக்கொண்டு போவான். அவர் படிவத்தில் என் பெயரை எழுதிவிட்டார். பத்து நாள் கழித்து நான் தஞ்சாவூர் பஸ்ஸில் பாபநாசத்தைத் தாண்டிக்கொண்டிருந்தபோது, சரிபார்ப்பு ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். எத்தனை நாள் உங்களிடம் வேலை பார்த்தார், என்ன பொறுப்பு என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியாக, “வாய்ப்பு இருந்தால் இவரை மறுபடியும் வேலைக்கு எடுப்பீர்களா சார்?” என்றார். நான் மூன்று நான்கு விநாடி பேசவில்லை. அப்புறம் “ம்ம்... எடுக்கலாம்” என்றேன்.

அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. என்னால்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அடுத்த மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு வந்தவர், என் இலையைத் தாண்டி அடுத்த இலைக்குப் போனார். சாம்பார் கேட்டு வாங்க எனக்கும் வாய் வரவில்லை.

இரண்டாவது தடவை வேறொரு தம்பி கேட்டார். அப்போது செய்ததைத்தான் கீழே எழுதுகிறேன்.

படி 1: கேட்பது ரெஃபரன்ஸ்தானா என்று பாருங்கள்

மூன்று விஷயத்தையும் ஒரே பெயரில் கேட்பார்கள். ‘உங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாமே, என் பயோடேட்டாவை உள்ளே கொடுங்கள்’ என்றால் அது சிபாரிசு. ‘இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை இங்கே வேலை பார்த்தார்’ என்பது வேலை உறுதிப்படுத்தல், அதைப் பழைய அலுவலகத்து எச்.ஆர். செய்ய வேண்டும். ஆள் எப்படி, நேர்மை எப்படி, மறுபடி எடுப்பீர்களா என்று உங்களையே கேட்டால் அதுதான் ரெஃபரன்ஸ். பாதிப் பேருக்கு நடுவில் உள்ளதுதான் தேவைப்படும். அங்கே நீங்கள் மறுக்கவே வேண்டாம், எச்.ஆர். பக்கம் கைகாட்டிவிட்டால் போதும்.

படி 2: அன்றைக்கே கூப்பிடுங்கள்

கேட்ட அன்றே, முடியாவிட்டால் மறுநாள். அதற்கு மேல் போனால் உங்கள் பெயர் படிவத்தில் ஏறிவிடும். ஏறிய பிறகு மறுப்பது பத்து மடங்கு கஷ்டம்.

ஃபோனில் பேசுங்கள். வாட்ஸ்ஆப்பில் முதலில் எழுதாதீர்கள், எழுத்தில் மறுப்பு எப்போதுமே இரண்டு சுற்று கடுமையாகத் தெரியும். குரல் பதிவு அனுப்புவது அதைவிட மோசம், அதை நாலு பேருக்கு அனுப்பிவிடலாம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேர நாளாகும், நம்ம ஊர்ப் பேச்சுக்கு ஒரு சாயங்காலம் போதும். அதனால் டீக்கடையில் நாலு பேர் நடுவிலும் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். நான் ராத்திரி எட்டு மணிக்கு மேல், அவர் வீட்டுக்குப் போயிருப்பார் என்று தெரிந்த பிறகு கூப்பிட்டேன்.

படி 3: என்ன சொல்வது (நான் தடுக்கி விழுந்த இடம்)

முதலில், எனக்கு ஏன் மனமில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். இந்தத் தம்பி களத்தில் வசூல் பார்த்தவர். நல்ல உழைப்பாளி, வாடிக்கையாளர்களிடம் மரியாதையாகப் பேசுவார். ஆனால் மூன்று தடவை வசூல் பணத்தை அன்றைக்கே கிளையில் கட்டாமல் மறுநாள் கட்டியிருக்கிறார். ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. இருந்தாலும் கண்டிப்புக் கடிதம் கொடுத்தோம். இப்போது அவர் விண்ணப்பித்திருப்பதும் பணம் கையாளும் வேலை. ‘பண விஷயத்தில் ஏதாவது பிரச்சினை உண்டா’ என்று கட்டாயம் கேட்பார்கள். இல்லை என்றால் நான் பொய் சொல்கிறேன். உண்டு என்றால், விளக்கத்தைக் கேட்க யாரும் காத்திருக்க மாட்டார்கள், அவர் கதை முடிந்தது.

என் முதல் யோசனை, ‘இப்போது இருக்கிற கம்பெனியில் வெளியாட்களுக்கு ரெஃபரன்ஸ் தரக்கூடாது என்று விதி’ என்று சொல்லிவிடுவது. அப்படி நிஜமாகவே விதி இருந்தால் அதைவிடச் சுலபமான வழி இல்லை, தாராளமாகச் சொல்லுங்கள். எனக்கு அப்படி விதி இல்லை. அதற்கு மூன்று மாதம் முன்புதான் அதே கிளையில் இருந்த இன்னொருவருக்குக் கொடுத்திருந்தேன், அவர்கள் இருவரும் ஒரே தெரு. பொய்க்காரணத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘நேரமில்லை’ என்றால் ‘அஞ்சு நிமிஷம்தானே அண்ணே’ என்பார்கள். ‘ஊரில் இல்லை’ என்றால் ‘ஃபோன்தானே’ என்பார்கள். அவர்களால் சரிசெய்து கொடுக்கக்கூடிய காரணத்தைச் சொன்னால், சரிசெய்துவிட்டுத் திரும்பி வருவார்கள்.

அதனால் காரணத்தை அவர் மேல் வைக்காமல் என் மேலேயே வைத்தேன், அதுவும் உண்மையாக. கிட்டத்தட்ட இப்படிப் பேசினேன்:

“தம்பி, நீ கேட்டதை யோசிச்சேன். ரெஃபரன்ஸுக்கு நான் சரியான ஆள் இல்லப்பா. அவங்க கேக்குற கேள்விக்கு டக்குடக்குனு பதில் சொல்ற ஆள் வேணும். நான் ஒரு இடத்துல தயங்கினாக்கூட அது உனக்குத்தான் அடி. அதனால என் பேரைப் போடாத.”

கடைசி வாக்கியம்தான் முக்கியம். ‘போடாத’ என்று வாயால் சொல்ல வேண்டும். ‘முடிஞ்சா வேற யாரையாவது பாரேன்’ என்று மழுப்பினால் மறுபடியும் ‘பார்க்கலாம்’ கதைதான்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அந்த மௌனத்தில்தான் வாய் அரிக்கும், ‘சரி, வேற யாரும் கிடைக்கலன்னா சொல்லு’ என்று வந்துவிடும். வரக்கூடாது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

“அந்த வசூல் மேட்டரா அண்ணே?” என்றார்.

கேட்டுவிட்டால் மறைக்கக் கூடாது என்பது என் கட்சி. இருவருக்குமே தெரிந்த விஷயம், இல்லை என்றால் சிரிப்பார். “ஆமா. அவங்க கேட்டா நான் இல்லைன்னு சொல்ல முடியாது. நீ பணத்தை எடுக்கல, எனக்குத் தெரியும். ஆனா போன்ல அதை விளக்க விடமாட்டாங்க” என்றேன். ஒரு தடவை, இரண்டு வரி, அவ்வளவுதான். அவர் கேட்காமல் இருந்திருந்தால் நானாக எடுத்திருக்க மாட்டேன். எழுத்தில் எப்போதும் கூடாது.

பேசி முடித்த பிறகு ஒரு சின்னச் செய்தி மட்டும் அனுப்பினேன்: “தம்பி, பேசினபடி ரெஃபரன்ஸுக்கு வேற ஆள் பேரைக் கொடுத்துடு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, உன் பிஎஃப் விவரத்தைப் பார்த்துடலாம்.” இது வம்புக்காக வைத்திருக்கும் ஆதாரம் இல்லை. இரண்டு நாள் கழித்து ‘அண்ணன் என்ன சொன்னார்’ என்று அவருக்கே குழப்பம் வராமல் இருக்கத்தான்.

படி 4: வெறுங்கையோடு அனுப்பாதீர்கள்

‘வேறு என்ன உதவி வேண்டுமானாலும் கேள்’ என்பது உதவியே இல்லை. ஒரு குறிப்பிட்ட வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டு செய்தேன்.

ஒன்று, ஆள். எங்கள் கிளையில் தணிக்கைக்கு வந்துபோன ஒருவருக்கு இந்தத் தம்பியின் கணக்குப் புத்தகங்கள் பிடிக்கும். அவரிடம் முதலில் நானே கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் எண்ணைக் கொடுத்தேன். கேட்காமல் கொடுத்தால், நம் தலையில் விழுந்ததைத் தூக்கி அவர் தலையில் போட்டதாகிவிடும்.

இரண்டு, பிஎஃப். ஞாயிற்றுக்கிழமை வந்தார், காப்பி குடித்தபடியே இபிஎஃப்ஓ உறுப்பினர் தளத்தில் அவருடைய யுஏஎன் எண்ணைப் போட்டு உள்ளே போனோம். View என்பதில் Service History. எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்பது அங்கே இருக்கும். சரிபார்ப்பவர்கள் பலர் இதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பார்த்தால், எங்கள் பழைய நிறுவனம் அவருடைய விலகல் தேதியைப் பதியவே இல்லை. அந்தக் கட்டம் காலியாகக் கிடந்தது. அதாவது கணக்குப்படி அவர் இன்னமும் அங்கேதான் வேலை பார்க்கிறார்! இது ரெஃபரன்ஸைவிடப் பெரிய முட்டுக்கட்டை.

இதை நாமே சரிசெய்யலாம். Manage என்பதில் Mark Exit இருக்கிறது. கடைசிப் பிஎஃப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும், ஆதார் இணைத்திருக்க வேண்டும், ஓடிபி வரும் ஃபோன் பக்கத்தில் இருக்க வேண்டும். விலகல் தேதியைக் கடைசிப் பங்களிப்பு வந்த மாதத்துக்குள்தான் போட முடியும். அவசரப்பட்டுத் தப்பான தேதியைப் போட்டுவிடாதீர்கள், அப்புறம் மாற்றுவதற்கு அலைய வேண்டியிருக்கும். விடுவிப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு போடுங்கள். எங்களுக்கு மொத்தமும் முக்கால் மணி நேரம் ஆனது, அதில் அரை மணி நேரம் ஓடிபிக்காகக் காத்திருந்தது.

போகும்போது “வரேன் அண்ணே” என்றார், வழக்கம்போலவே. அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

பிற்சேர்க்கை 1

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்டார்: பேச்சு முடிவதற்குள் மாமா ஃபோன் செய்கிறார், ‘சின்னப் பிள்ளை, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா’ என்கிறார். என்ன செய்வது? மாமாவிடம் காரணத்தை விளக்காதீர்கள். அவரிடம் சொன்னது அந்தப் பிள்ளைக்கு அவமானமாகப் போய்ச் சேரும். ‘மாமா, அவனுக்கு நல்லதுன்னுதான் வேற ஆளைப் பார்த்துக் கொடுத்திருக்கேன், அவன்கிட்டயே கேளுங்க’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள். படி 4-ஐச் செய்திருந்தால்தான் இந்தப் பதில் செல்லும்.

பிற்சேர்க்கை 2

கேட்காமலேயே பெயரைப் போட்டுவிட்டார், ஏஜென்சியிலிருந்து அழைப்பும் வந்துவிட்டது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ‘நான் ஒப்புக்கொள்ளவே இல்லை’ என்று ஏஜென்சியிடம் சொன்னால் ஆள் பொய்யர் என்று ஆகிவிடும். ‘இப்போது பேசும் நிலையில் இல்லை, நானே கூப்பிடுகிறேன்’ என்று வைத்துவிட்டு, அடுத்த நிமிடமே அவரைக் கூப்பிட்டு வேறு பெயரைக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒருவரிடம் பதில் கிடைக்காவிட்டால், விண்ணப்பித்தவரிடம் மாற்றுப் பெயர் கேட்பது வழக்கம்தான். அப்புறம் சொன்னபடி ஏஜென்சியைக் கூப்பிட்டு, ‘அவர் வேறு ஒருவரின் பெயரைத் தருகிறார், பணிக்காலத்துக்கு எச்.ஆர்.-ஐக் கேளுங்கள்’ என்று முடித்துவிடுங்கள். இதனால் ஒரு சந்தேகமும் வராது என்று நான் சொல்ல மாட்டேன், கொஞ்சம் வரத்தான் செய்யும். ஆனாலும் பாபநாசம் பஸ்ஸில் நான் இழுத்த அந்த ‘ம்ம்’ அளவுக்கு வராது.