முப்பது சதவீத ஸ்லாபுக்குள் போனால் முழுச் சம்பளத்துக்கும் முப்பதா?

"இந்தச் சம்பள உயர்வு வேண்டாமென்று சொல்லிவிடலாமா என்று பார்க்கிறேன்" என்றார் நண்பர் ஒருவர். கிண்டல் இல்லை, நிஜமாகவே தாளும் பேனாவுமாகக் கணக்குப் போட்டுவிட்டு வந்திருந்தார். உயர்வு 50,000. வரியோ 1,14,000 கூடுகிறதாம். கையிலிருந்து 64,000 போய்விடும் என்பது அவர் முடிவு.

அவர் கூட்டல் கழித்தலில் தப்பே இல்லை. ஸ்லாப், அதாவது தனித்தனி வரி விகிதம் கொண்ட வருமான அடுக்கு, என்றால் என்ன என்று புரிந்துகொண்டதில்தான் தப்பு. அவர் கணக்கையே எடுத்துக்கொண்டால், வருமான வரியில் வழக்கமாக விழும் தவறுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

ஸ்லாபுகளும் விகிதங்களும் நாட்டுக்கு நாடு, ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால் இங்கே கற்பனையான ஒரு வரி அட்டவணையை வைத்துக்கொள்வோம். நாணயம் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும்.

முதல் 3,00,000 வரை வரி இல்லை
3,00,000 முதல் 6,00,000 வரை 10 சதவீதம்
6,00,000 முதல் 10,00,000 வரை 20 சதவீதம்
10,00,000க்கு மேல் 30 சதவீதம்

நண்பரின் ஆண்டுச் சம்பளம் 10,70,000. சட்டம் அனுமதிக்கும் கழிவு 80,000. அதைக் கழித்தால் வரிக்குரிய வருமானம் 9,90,000. உயர்வுக்குப் பிறகு அது 10,40,000 ஆகும். அவர் செய்தது இதுதான்: பழைய தொகை 20 சதவீத ஸ்லாபில் இருப்பதால் 9,90,000க்கு 20 சதவீதம், அதாவது 1,98,000. புதிய தொகை 30 சதவீத ஸ்லாபில் இருப்பதால் 10,40,000க்கு 30 சதவீதம், அதாவது 3,12,000.

ஸ்லாப் என்பது ஆளுக்கு ஒட்டும் முத்திரை அல்ல, பணத்துக்கு ஒட்டுவது. நாலு பாத்திரங்களை வரிசையாக வைத்துத் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. முதல் பாத்திரம் நிறைந்த பிறகுதான் அடுத்ததில் விழும். கடைசிப் பாத்திரத்தில் நாலு சொட்டு விழுந்துவிட்டது என்பதற்காக முதல் பாத்திரத்துத் தண்ணீர் மாறிவிடாது.

அப்படி ஊற்றிப் பார்ப்போம். 10,40,000இல் முதல் 3,00,000க்கு வரி இல்லை. அடுத்த 3,00,000க்கு 10 சதவீதம், 30,000. அதற்கடுத்த 4,00,000க்கு 20 சதவீதம், 80,000. மீதி இருப்பது வெறும் 40,000. அதற்கு மட்டும் 30 சதவீதம், 12,000. மொத்தம் 1,22,000. நண்பர் பயந்த 3,12,000இல் பாதிகூட இல்லை.

பழைய வருமானத்துக்கும் இதே மாதிரி போட்டால் 30,000 + 78,000 = 1,08,000. ஆக, 50,000 உயர்வுக்கு வரி கூடுவது 14,000. அதில் முதல் 10,000 இன்னும் 20 சதவீத ஸ்லாபுக்குள்தான் விழுகிறது (2,000 வரி), மிச்சம் 40,000 மேல் ஸ்லாபில் (12,000 வரி). கையில் வருவது 36,000.

இதில் வேடிக்கை என்னவென்றால், பதில் அவர் சம்பளச் சீட்டிலேயே இருந்தது. மாதம் 9,000 வரி பிடித்துக்கொண்டிருந்தார்கள், ஆண்டுக்கு 1,08,000. முழு வருமானத்துக்கும் 20 சதவீதம் என்றால் மாதம் 16,500 பிடித்திருக்க வேண்டும். "ஏன் குறைவாகப் பிடிக்கிறார்கள் என்று யோசிக்கவே இல்லையே" என்றார்.

அவரிடம் இரண்டு விகிதங்கள் குழம்பியிருந்தன. அடுத்து சம்பாதிக்கும் ஒவ்வொரு நூறுக்கும் எவ்வளவு போகும் என்பது ஒன்று. அவருக்கு அது இப்போது 30 சதவீதம். மொத்த வருமானத்தில் எத்தனை சதவீதம் வரியாகப் போகிறது என்பது இன்னொன்று. அது 10,40,000இல் 1,22,000, அதாவது 12 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. சாதாரண ஸ்லாப் முறையில் இரண்டாவது விகிதம் முதல் விகிதத்தைத் தொடவே தொடாது, நெருங்கத்தான் செய்யும். உங்கள் கணக்கில் இரண்டும் ஒன்றாக வந்தால் எங்கோ முழுத் தொகைக்கும் ஒரே விகிதம் போட்டிருக்கிறீர்கள்.

சரி, ஸ்லாப் ஸ்லாபாகத்தான் போட வேண்டும் என்று தெரிந்தவர்களும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ஸ்லாபின் அகலத்துக்குப் பதிலாக அதன் மேல் எல்லையைப் பெருக்கிவிடுவார்கள். 6,00,000க்கு 10 சதவீதம் 60,000, 10,00,000க்கு 20 சதவீதம் 2,00,000, பிறகு 12,000, ஆக 2,72,000 என்று. இங்கே ஒரே பணத்துக்கு இரண்டு மூன்று முறை வரி போட்டாயிற்று. கண்டுபிடிப்பது எளிது: பெருக்கிய தொகைகளை எல்லாம் கூட்டிப் பாருங்கள். 3,00,000 + 3,00,000 + 4,00,000 + 40,000 என்று கூட்டினால் சரியாக 10,40,000 வர வேண்டும். அதற்கு மேல் போனால் எதையோ இரட்டிப்பாக எண்ணியிருக்கிறீர்கள்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. "3,00,000 வரை வரி இல்லையே" என்று அதை முதலில் கழித்து, 7,40,000ஐ வைத்து மறுபடியும் அதே அட்டவணையை முதல் வரிசையிலிருந்து ஓட்டுவது. வரி 58,000 என்று அழகாகக் குறைந்து வரும். சந்தோஷம் அறிக்கை தாக்கல் செய்யும்வரைதான். அட்டவணையின் முதல் வரிசையே அந்த 3,00,000தான். அதை வெளியிலும் கழித்தால் சலுகையை இரண்டு முறை எடுத்ததாகிவிடும்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு நியாயமும் இருக்கிறது, ஏனென்றால் எல்லா நாட்டு அட்டவணையும் ஒரே மாதிரி எழுதப்படுவதில்லை. இந்தியாவில் வரியில்லாத தொகை ஸ்லாப் அட்டவணைக்குள்ளேயே முதல் வரிசையாக இருக்கும். பிரிட்டனில் தனிநபர் விலக்குத் தொகையை முதலில் கழித்துவிட்டு, மீதிக்குத்தான் ஸ்லாபுகளைப் பூஜ்யத்திலிருந்து ஓட்டுவார்கள். ஆகவே எந்த அட்டவணையைக் கையில் எடுத்தாலும் முதல் வரிசையில் பூஜ்ய சதவீதம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெளியே கழிக்கக் கூடாது.

அப்புறம் கழிவுகள். "முப்பது சதவீதத்தில் இருக்கிறேன், 60,000 முதலீடு செய்தால் 18,000 மிச்சம்" என்று கணக்குப் போடுவது பரவலான பழக்கம். கழிவு எப்போதும் மேலேயிருந்துதான் குறையும். நண்பருக்கு மேல் ஸ்லாபில் இருப்பதே 40,000தான். அதற்கு 12,000 மிச்சம். மீதி 20,000 கீழ் ஸ்லாபிலிருந்து குறைகிறது, அதற்கு 4,000. மொத்தம் 16,000. வித்தியாசம் சிறியதுதான், ஆனால் மேல் ஸ்லாபில் 5,000 மட்டுமே இருக்கும் ஒருவர் இதை நம்பிப் பெரிய தொகையைப் பல வருடம் முடக்கினால் ஏமாற்றம் பெரிதாக இருக்கும். இன்னும் சிலர் அந்த 60,000ஐ நேராக வரியிலேயே கழித்துவிடுகிறார்கள். வருமானத்தில் கழிவது வேறு, வரியில் கழியும் தள்ளுபடி வேறு. முன்னது ஸ்லாப் கணக்குக்கு முன்னால் வரும், பின்னது அது முடிந்த பிறகு.

கையால் போட்ட கணக்கைச் சரிபார்க்க ஒரு குறுக்கு வழி. உங்கள் கடைசி ஸ்லாபின் விகிதத்தை முழு வருமானத்துக்கும் போட்டு, அந்த ஸ்லாபுக்கென்று உள்ள ஒரு நிலையான தொகையைக் கழித்தால் போதும். நம் அட்டவணையில் 10 சதவீத ஸ்லாபுக்கு 30,000, 20 சதவீதத்துக்கு 90,000, 30 சதவீதத்துக்கு 1,90,000. நண்பருக்கு 3,12,000 கழித்தல் 1,90,000, மறுபடியும் 1,22,000. அந்த 1,90,000 எங்கிருந்து வந்தது? 10,00,000க்கு 30 சதவீதம் போட்டிருந்தால் 3,00,000. உண்மையில் அதற்கு வரி 1,10,000. அதிகமாக எடுத்தது 1,90,000. அவ்வளவுதான். நண்பர் போட்ட தப்புக் கணக்கிலிருந்து இந்த ஒரு எண்ணைக் கழித்திருந்தாலே சரியான விடை வந்திருக்கும்.

சம்பளம் உயர்ந்தால் கையில் வருவது குறையவே குறையாதா என்றால், ஸ்லாபால் மட்டும் குறையாது. ஸ்லாபுக்கு வெளியே ஒட்டவைத்த விஷயங்களால் குறையலாம். ஒரு வரம்பைத் தாண்டியதும் மொத்த வரியின் மேல் 10 சதவீதம் கூடுதல் வரி என்று ஒரு விதி இருக்கிறது என்று வையுங்கள், வரம்பு 50,00,000. நம் அட்டவணைப்படி அங்கே வரி 13,10,000. வரம்பைத் தாண்டி ஒன்றே ஒன்று அதிகம் சம்பாதித்தால் 1,31,000 கூடும். இந்தியாவில் இப்படி 50 லட்சத்தைத் தாண்டினால் கூடுதல் வரி உண்டு. அதன் கூடவே, கூடும் வரி வரம்பைத் தாண்டிய வருமானத்தை மிஞ்சக் கூடாது என்ற நிவாரணமும் உண்டு. அதனால் எல்லைக்கு அருகே இருப்பவர் ஸ்லாபை விட்டுவிட்டு இந்த நிவாரணப் பிரிவைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

கடைசியாக, எனக்கே நடந்த ஒன்று. ஒருமுறை வருட நடுவில் வேலை மாறினேன். ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே, சம்பளம் ஒன்றுதான். நண்பரின் புதிய சம்பளத்தை வைத்தே சொல்கிறேன்: ஆண்டுக்கு 11,20,000. பழைய அலுவலகம் முழு ஆண்டுக்கும் மதிப்பிட்டு, ஆறு மாதத்தில் 61,000 பிடித்திருக்கும். புதிய அலுவலகத்துக்குப் பழைய வருமானம் தெரியாது. 5,60,000 மட்டும்தான் இந்த ஆண்டு வருமானம் என்று நினைத்து, 80,000 கழிவையும் மறுபடி கொடுத்து, வரியில்லாத 3,00,000ஐயும் மறுபடி கொடுத்து, 18,000 மட்டும் பிடிக்கும். மொத்தம் 79,000. உண்மையான வரி 1,22,000. மாதாமாதம் கையில் கொஞ்சம் கூடுதலாக வந்தபோது நல்ல கம்பெனி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆண்டு முடிவில் 43,000 மாதிரி ஒரு பள்ளம், வட்டியோடு. ஸ்லாப் ஆண்டுக்கு ஒருமுறைதான், அலுவலகத்துக்கு ஒருமுறை அல்ல. சேர்ந்த முதல் வாரமே பழைய இடத்தின் வருமானமும் பிடித்த வரியும் போட்ட தாளைப் புதிய இடத்தின் கணக்குப் பிரிவில் கொடுத்திருந்தால், அந்த 43,000 ஆறு மாதங்களுக்குப் பிரிந்து, மாதம் ஏழாயிரத்துச் சொச்சமாகப் போயிருக்கும்.