640 ரூபாய் பாக்கி, ஆனால் அது ஒரு கடன்

செயலியில் ‘இப்போது வாங்கு, அப்புறம் கொடு’ என்று அழுத்தும்போது, பெரும்பாலும் பின்னால் ஒரு வங்கியோ நிதி நிறுவனமோ உங்கள் பெயரில் கடன் கணக்கு திறக்கிறது. செயலியின் பெயர் ஒன்று, கடன் கொடுத்தவர் பெயர் வேறு. அதனால்தான் பலருக்கு, கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் இருக்கும் பெயர் யாருடையது என்றே புரிவதில்லை.

என் தம்பிக்கு நடந்தது இது. 640 ரூபாய்க்குச் செருப்பு வாங்கினான். 5ஆம் தேதி தானாகப் பணம் எடுக்கும்போது கணக்கில் இருப்பு இல்லை. செயலி தாமதக் கட்டணம் 250 போட்டது. அவனுடைய வங்கி தனியாக, ஜிஎஸ்டியோடு 295 பிடித்தது. ஆக மொத்தம் 1,185 ரூபாய். பணம் போனதுகூடப் பரவாயில்லை; ‘தாமதம்’ என்ற பதிவு அறிக்கையில் ஏறிவிட்டது. வீட்டுக்கடன் கேட்கப் போகும்போது வங்கி பார்ப்பது அதைத்தான், தொகை சின்னது என்பதை அல்ல.

ஒப்புக்கொள்ளும் முன் ‘முக்கிய விவர அறிக்கை’யைத் திறந்து பாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி அதைக் கொடுத்தே ஆக வேண்டும். அதில் ஆண்டு வட்டி விகிதம், தாமதக் கட்டணம், கடன் கொடுப்பவர் பெயர் மூன்றையும் படித்தால் போதும்.

செயலியை நீக்கினால் கணக்கு மூடாது. பாக்கியைக் கட்டி, கணக்கை மூடச் சொல்லி, நிலுவையில்லாச் சான்று வாங்குங்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்து இலவச சிபில் அறிக்கையை எடுத்து (ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும்) ‘மூடப்பட்டது’ என்று வந்திருக்கிறதா பாருங்கள். வரவில்லையென்றால் அந்தச் சான்றை இணைத்துப் புகார் கொடுங்கள், 30 நாளில் சரிசெய்ய வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.