தூசி தட்டப் போய் பிராசசரைப் பிடுங்கிவிடாதீர்கள்

போன மே மாதம் மயூர் விஹாரிலிருந்து ஒரு தம்பி வந்தார். கல்யாண வீடியோ எடிட்டிங் அவருக்குத் தொழில். கையில் ஒரு ஸ்வீட் டப்பா, திறந்தால் உள்ளே சிபியு கூலர், அதன் அடியில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு பிராசசர். "அண்ணா, தூசி தட்டத்தான் கழற்றினேன், இதுவும் கூடவே வந்துடுச்சு" என்றார். நானும் தொடக்கத்தில் இதையே செய்து ஒரு பிராசசரைத் தொலைத்தவன். இத்தனை வருடம் கழித்தும் வாரத்துக்கு ஒருவராவது இப்படி வருவதைப் பார்த்தால் எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் தடுக்க ஐந்து நிமிடம் போதும்.

மின் இணைப்பைத் துண்டியுங்கள், ஈரத்துணி வேண்டாம் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

சூடுதான் காரணமா என்று பார்க்காமல் கழற்றுவது

ஃபேன் இரைகிறது, திடீரென்று கம்ப்யூட்டர் அணைகிறது என்றால் எல்லோரும் உடனே ஸ்குரூ டிரைவரை எடுக்கிறார்கள். முதலில் சூட்டை அளந்து காட்டும் HWiNFO என்ற மென்பொருளைத் திறந்து CPU (Tctl/Tdie) வரியைப் பாருங்கள். தம்பியுடையது ரைசன் 5 3600, அதன் உச்ச வரம்பு 95 டிகிரி. சும்மா இருக்கும்போதே 70, ரெண்டர் போட்ட ஒரு நிமிடத்தில் 95, அதன் பிறகு வேகம் குறைந்து இழுத்து இழுத்து ஓடி, கடைசியில் அணைகிறது. அணைந்ததும் மறுபடி போட்டால் சில நொடியில் திரும்ப அணையும், கால் மணி நேரம் ஆறவிட்டால் ஓடும். சூட்டுக்கு இது நல்ல அடையாளம். 60 டிகிரியில் இருக்கும்போதே பட்டென்று அணைகிறது என்றால் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பக்கம் சந்தேகப்படுங்கள், கூலரைத் தொடவே வேண்டாம். விண்டோஸ் பதிவில் Kernel-Power 41 என்று இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்பதை மட்டும்தான் அது சொல்கிறது, ஏன் என்று சொல்லாது.

ஆறிய கூலரை நேராக மேலே இழுப்பது

இதற்குத்தான் வந்தேன். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கும், மொத்தம் 1331. பக்கத்தில் இருக்கும் சின்ன லீவரை அமுக்கினால் சாக்கெட் அந்தப் பின்களைப் பக்கவாட்டில் கவ்விக்கொள்ளும், அவ்வளவுதான் பிடிமானம். இன்டெல்லில் இருப்பது போல மேலே அழுத்திப் பிடிக்கும் இரும்புச் சட்டம் கிடையாது. கூலருக்கும் பிராசசருக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட் புதிதாக இருக்கும்போது வெண்ணெய் மாதிரி வழுக்கும். மூன்று நான்கு வருடம் டெல்லி வெயிலில் வெந்த பேஸ்ட் காய்ந்து கூலரையும் பிராசசரையும் ஒன்றாக ஒட்டிவிடும், அந்தப் பிடி சாக்கெட்டின் பிடியைவிட பலம். நீங்கள் மேலே இழுக்கும்போது தோற்பது சாக்கெட். லீவர் பூட்டியபடியே இருக்க, பிராசசர் உருவிக்கொண்டு வரும். கொஞ்சம் சாய்வாக வந்தால் ஓரத்து வரிசைப் பின்கள் வளையும், சிலது முறியும்.

செய்ய வேண்டியது இதுதான். கழற்றுவதற்கு முன் ஒரு பத்து நிமிடம் ஏதாவது கனமான வேலை கொடுத்து ஓடவிடுங்கள், சூட்டில் பேஸ்ட் இளகும். ஓடவே மாட்டேன் என்கிற மெஷின் என்றால் கூலரின் உலோகப் பகுதியான ஹீட் சிங்கின் மேல் ஹேர் டிரையரை இரண்டு மூன்று நிமிடம் காட்டலாம். அப்புறம் ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, ஆறுவதற்குள் வேலையைத் தொடங்குங்கள். ஃபேன் வயரைக் கழற்றுங்கள். தம்பியுடைய கூலருக்கு நான்கு ஸ்குரூ, எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். கேபினெட்டின் பின்பக்கக் கதவையும் திறந்து வைத்திருங்கள், ஸ்குரூ கழன்றதும் போர்டுக்குப் பின்னால் இருக்கும் தகடும் கழன்று விழும்.

இப்போது தூக்காதீர்கள். கூலரை இரண்டு பக்கமும் பிடித்து, ஜாடி மூடியைத் திறக்கிற மாதிரி இடமும் வலமும் சில டிகிரி மட்டும் மெல்லத் திருகுங்கள். முதலில் அசையாது. பிறகு ஒரு நொடியில் பிசின் விட்டாற்போல வழுக்கும், கைக்கு நன்றாகத் தெரியும். அந்த வழுக்கல் வந்த பிறகுதான் ஒரு பக்கமாகச் சாய்த்து எடுக்க வேண்டும். வரவில்லையா, மறுபடி சூடாக்குங்கள்.

சரி, ஏற்கெனவே பிடுங்கிவிட்டீர்கள் என்றால்? நடுவில் ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பாதீர்கள். தம்பியின் கூலரை ஹேர் டிரையரில் சூடாக்கி, ஒட்டிய விளிம்பில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் இரண்டு மூன்று சொட்டு விட்டு, பிராசசரின் ஓரங்களை மட்டும் விரல்களால் பிடித்துத் திருகினேன், வந்துவிட்டது. வெளிச்சத்துக்கு எதிரே வைத்து ஒவ்வொரு வரிசையையும் இரண்டு திசையிலும் பார்த்தால் கோடு நேராகத் தெரிய வேண்டும். மூலையில் நான்கு பின் சாய்ந்திருந்தன. லெட் எடுத்துவிட்ட 0.5 மைக்ரோ டிப் பென்சிலின் முனையைப் பின்னில் மாட்டி, மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினேன். முன்னும் பின்னும் ஆட்டினால் முறியும், ஒரே திசையில்தான் போக வேண்டும். லீவரைத் தூக்கி, பிராசசரிலும் சாக்கெட்டிலும் இருக்கும் முக்கோணக் குறிகளைச் சேர்த்து வைத்தபோது பிராசசர் தன் எடையிலேயே இறங்கியது. அப்படி இறங்காவிட்டால் ஏதோ ஒரு பின் இன்னும் கோணல், விரலால் அமுக்கவே கூடாது.

ஃபேனுக்கு மேல் மட்டும் ஊதுவது

வெளியே தெரியும் தூசி பெரிய விஷயமில்லை. ஃபேனுக்கும் ஹீட் சிங்க் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலம் உட்கார்ந்திருக்கும், காற்றை அடைப்பது அதுதான். மேலிருந்து ஊதினால் அது இன்னும் உள்ளே திணியும். ஃபேனைத் தனியாகக் கழற்றி, படலத்தைக் கையால் உரித்து எடுத்துவிட்டு, தகடுகளை அடிப்பக்கத்திலிருந்து ஊதுங்கள். ஊதும்போது ஃபேனைச் சுழலவிடாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், ப்ளோயர் காற்றில் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய்விடும், பிறகு அந்த இரைச்சல் எந்த சுத்தத்துக்கும் அடங்காது. பஞ்சர் கடை கம்ப்ரசர் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், அது வேண்டாம்.

பேஸ்ட்டை வெண்ணெய் போலப் பூசுவது

பேஸ்ட்டின் வேலை இரண்டு உலோகத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் இருக்கும் காற்றை வெளியேற்றுவது. சூட்டைக் கடத்துவதில் அது செம்பின் பக்கத்திலேயே வராது, அதனால் படலம் தடிமனானால் அதுவே தடை. பழையதை ஆல்கஹாலில் நனைத்த துணியால் பளபளக்கும் வரை துடையுங்கள், நடுவில் ஒரு பட்டாணி அளவு வையுங்கள், கூலரை நேராக இறக்குங்கள், ஸ்குரூக்களை மூலைக்கு மூலை மாற்றி முறுக்குங்கள். மீதியைக் கூலரின் அழுத்தம் பார்த்துக்கொள்ளும்.

லிக்விட் மெட்டல்

பேஸ்ட்டுக்குப் பதிலாகச் சிலர் பூசும் இது அலுமினிய கூலரை அரித்துவிடும். தொடாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறப்பது

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். வெளியிலிருந்து ஊதுவதோடு சரி.

தம்பியின் மெஷின் அன்று மாலையே ஓடியது. அறையில் ஏசி கிடையாது, இருந்தும் சும்மா இருக்கும்போது 48, அதே ரெண்டரில் 79-க்கு மேல் ஏறவில்லை. முதல் தடவை போட்டபோது மட்டும் இரண்டு ரேமில் ஒன்று தெரியவில்லை. பிராசசரை எடுத்துப் பார்த்தால் ஐந்தாவதாக ஒரு பின் லேசாகச் சாய்ந்திருந்தது, நான்கை நிமிர்த்திய அவசரத்தில் அதை நான் கவனிக்கவில்லை. அதையும் நிமிர்த்திய பிறகு இரண்டும் தெரிந்தன.