கார்ப்பல் டன்னல் ஆபரேஷனுக்குப் பிறகு: தழும்பு வலி வேறு, மேட்டு வலி வேறு

வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஒரு ஆடிட்டர் அலுவலகம். நாள் முழுக்க டேலி என்ட்ரி. மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டு விரல் மரத்துப்போவதுதான் கார்ப்பல் டன்னல்; அதற்கு வலது கையில் ஆபரேஷன் ஆகி நான்கு மாதம் ஆகிறது. உள்ளங்கையைக் கீறிச் செய்யும் முறை. உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதுதான் கணக்கு.

என்ன வெட்டினார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மணிக்கட்டில் நரம்புக்கு மேல் கூரை போட்டது மாதிரி ஒரு தடித்த நார்ப்பட்டை இருக்கிறது. அதை வெட்டிவிட்டால் நரம்புக்கு இடம் கிடைக்கும். ராத்திரி மரத்துப்போய் எழுந்து கையை உதறுவது எனக்கு முதல் வாரமே நின்றுவிட்டது. (விரல் நுனி மரப்பு நாள்பட்டதாக இருந்தால் அது போக மாதக்கணக்கில் ஆகலாம்.) ஆனால் கட்டைவிரல் பக்கத் தசையும் சுண்டுவிரல் பக்கத் தசையும் அந்தக் கூரையைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கின்றன. கூரை பிளந்ததும் அவற்றுக்குப் பிடிப்பு தளர்கிறது. ஆரம்பத்தில் பிடி பலம் ஆபரேஷனுக்கு முன் இருந்ததைவிடக் குறைவது இதனால்தான்.

படி 1: முதல் இரண்டு வாரம்

கையைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். விரல்களை முழுக்க நீட்டி, முழுக்க மடக்கி, பத்து தடவை. விழித்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. மணிக்கட்டை உள்பக்கம் மடித்தபடி எதையும் இறுக்கிப் பிடிக்காதீர்கள். கூரை இல்லாததால் நரம்பும் தசைநார்களும் முன்னால் தள்ளப்படும். துணி பிழிவது அப்படிப்பட்ட வேலை. தையல் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். அதுவரை குளிக்கும்போது கைக்கு பாலித்தீன் கவர். சிவந்து வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, வலி குறையாமல் ஏறிக்கொண்டே போய் விரல்கள் விறைத்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

படி 2: தழும்பைத் தேய்ப்பது

தையல் பிரித்து, பொருக்கு உதிர்ந்து, காயம் முழுக்க மூடிய பிறகுதான். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். மறு கையின் கட்டைவிரலால் நகம் வெளுக்கும் அளவு அழுத்தி, சின்ன வட்டமாக 5 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. லேசாகப் பட்டாலே சுரீர் என்றால், முதலில் பஞ்சால் தடவுங்கள். அது பழகியதும் துண்டு, அப்புறம் ஒரு கிண்ணம் அரிசிக்குள் கையை விட்டு அளைவது.

படி 3: எந்த வலி என்று பார்ப்பது

நான் தப்பு செய்தது இங்கேதான். ஐந்தாவது வாரம் கையை ஊன்றி எழுந்தால் உயிர் போனது. தழும்புதான் என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன், வலி கூடியது. பிசியோதெரபிஸ்ட் ஒரு விரலால் தழும்புக் கோட்டை அழுத்தினார், ஒன்றுமில்லை. கோட்டுக்கு இரண்டு பக்கமும் அழுத்தினார், கத்திவிட்டேன். கைரேகைக்காரர்கள் சுக்கிர மேடு, சந்திர மேடு என்பார்களே, அவற்றின் அடிவாரம். “மேடம், இது தழும்பு இல்ல, கூரையோட ரெண்டு தூண். தேய்ச்சா போகாது, ஊன்றாம இருங்க” என்றார். பெரும்பாலும் மூன்று மாதத்தில் அடங்கும், சிலருக்கு ஆறு மாதம் வரை இழுக்கும். எனக்குப் பதினோராவது வாரம் அடங்கியது.

படி 4: டைப்பிங்

லேப்டாப்பின் முன் விளிம்பு சரியாக அந்தத் தூண்கள் மேல்தான் அழுத்தும். அதனால் தனி கீபோர்டு வாங்கினேன். கீபோர்டின் பின்னால் இருக்கும் கால்களை மடக்கித் தட்டையாக வையுங்கள். மணிக்கட்டு நேராக இருக்கும். மடித்த துண்டை முன்கைக்கு அடியில் வையுங்கள், உள்ளங்கைக்கு அடியில் வேண்டாம். தையல் பிரித்த பிறகு 10 நிமிடம் டைப், 10 நிமிடம் ஓய்வு என்று ஆரம்பித்தேன். மறுநாள் காலையிலும் வலி மிச்சம் இருந்தால் நேரத்தைப் பாதியாக்குவேன், இல்லையென்றால் 5 நிமிடம் கூட்டுவேன். மவுஸ் ஒரு மாதம் இடது கையில். முதல் இரண்டு நாள் எரிச்சல், அப்புறம் பழகிவிட்டது. முழு நாள் வேலை ஏழாவது வாரம்தான்.

படி 5: பிடி பலம்

ஆறு வாரம் வரை ஒரு கிலோவுக்கு மேல் தூக்கவில்லை. அதன்பின் ஈர ஸ்பாஞ்சைப் பிழிவது, சப்பாத்தி மாவை அழுத்துவது. மணிக்கட்டு நேராக, பத்து தடவை, இரண்டு வேளை. பிசியோதெரபிஸ்டின் கருவியில் ஆபரேஷனுக்கு முன் 18 கிலோ. ஆறாவது வாரம் 11. மனசு விட்டுப்போச்சு. மூன்றாவது மாத முடிவில் 18, இப்போது 20. ஆனால் தேங்காய் துருவ இன்னும் அம்மாதான். கடலூர் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிற நாளில் மேல் கம்பியை வலது கையால் பிடிக்கிறேன். டிரைவர் சடன் பிரேக் போட்டால் மட்டும் இடது கை தானாகப் போகிறது.