கேமரா ஓடுகிறது சரி, எந்த வீலேனில் ஓடுகிறது?

ஒரு தங்கும் விடுதியில் இரண்டு சுவிட்ச்கள் இருந்தன. வரவேற்பறைக்குப் பின்னால் 24 போர்ட் சுவிட்ச் ஒன்று, இரண்டாம் மாடியில் சிறியது ஒன்று, நடுவே ஒரே ஒரு கேபிள். ஒரே சுவிட்சில் தனித்தனி வலைகளை உண்டாக்கும் வீலேன் முறையில், பில் போடும் அலுவலகக் கணினிகளுக்கு வீலேன் 10, விருந்தினர் வைஃபைக்கு 20, கேமராக்களுக்கு 30 என்று ஏற்கனவே ஒருவர் பிரித்துக் கொடுத்திருந்தார். நான் வேறு வேலையாகப் போயிருந்தேன். விருந்தினர் வைஃபையில் இருந்த என் போனின் பிரவுசரில் 192.168.10.20 என்று தட்டினேன். அலுவலகப் பிரிண்டரின் அமைப்புப் பக்கம் திறந்துகொண்டது. மேலாளரிடம் காட்டினேன். "எல்லாம் நல்லாத்தானே சார் ஓடுது?" என்றார்.

அவர் சொன்னதும் உண்மைதான். வீலேன் வேலையில் எதையாவது ஓடவிடாமல் செய்யும் தவறு அன்றைக்கே பிடிபட்டுவிடும். எல்லாவற்றையும் ஓடவிட்டுக்கொண்டே பிரிப்பை மட்டும் இல்லாமல் ஆக்கும் தவறைத்தான் தேடிப் போய்ப் பிடிக்க வேண்டும்.

அந்தப் பிரிண்டர் ஏன் திறந்தது? சுவிட்ச் தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. வீலேன் 20-இலிருந்து 10-க்கு ஒரு பாக்கெட்டைக்கூட அது நேராக விடவில்லை. ஆனால் மூன்று வீலேன்களுக்கும் ரவுட்டர் ஒன்றே. 192.168.10.1, 20.1, 30.1 என மூன்று முகவரிகளும் அதனிடம் இருக்கின்றன. ஒரு வலையிலிருந்து இன்னொன்றுக்குப் பாக்கெட்டைக் கொண்டுசேர்ப்பதுதான் ரவுட்டரின் தொழில். ஃபயர்வாலில் தடை எழுதாதவரை பெரும்பாலான ரவுட்டர்கள் அதைக் கேட்காமலே செய்யும். சுவிட்சில் பிரித்ததை ரவுட்டர் சேர்த்துவைத்துவிட்டது.

விதிகளை எழுதும்போது வரிசைதான் முக்கியம், ஏனென்றால் ரவுட்டர் மேலிருந்து கீழே படித்து, முதலில் பொருந்தும் விதியோடு நின்றுவிடும். விருந்தினர் பக்கத்திலிருந்து வருவதற்கு முதல் விதி: ரவுட்டரிடம் தளப் பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ், கருவிக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி இரண்டை மட்டும் கேட்கலாம். இரண்டாவது: 192.168.0.0/16, 10.0.0.0/8, 172.16.0.0/12 ஆகிய தனியார் முகவரிகள் எதற்கும் போகக்கூடாது. ரவுட்டரின் சொந்த முகவரிகளும் இதில் அடங்க வேண்டும். பல ரவுட்டர்களில் தன்னிடமே வரும் பாக்கெட்டுக்குத் தனி விதிப் பட்டியல் உண்டு. அதை மறந்தால் 192.168.20.1 என்று தட்டும் விருந்தினருக்கு ரவுட்டரின் லாகின் பக்கம் வந்து நிற்கும். மூன்றாவது: மற்ற எல்லாம் இணையத்துக்குப் போகலாம். மூன்றாவதை முதலில் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி எழுதினால் தடை விதி இருந்தும் இல்லாதது போலத்தான்.

கேமரா பக்கம் வேறு கணக்கு. கேமராக்களும் பதிவு செய்யும் என்விஆரும் ஒரே வீலேன் 30-இல் இருந்தால், படம் ரவுட்டரைத் தொடாமல் சுவிட்சுக்குள்ளேயே போய்விடும். 'நாங்கள் பார்க்க வேண்டுமே' என்று அலுவலகம் கேட்டதற்காக என்விஆரை 10-இல் வைத்தால், கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ் வீதம் 16 கேமராக்களின் 64 எம்பிபிஎஸ்ஸும் இரவு பகலாக ரவுட்டர் வழியே ஏறி இறங்கும். கூடவே என்விஆரிலிருந்து ஒவ்வொரு கேமராவுக்கும் ஃபயர்வாலில் அனுமதி எழுத வேண்டியிருக்கும். என்விஆரை 30-இலேயே வைத்துவிட்டு, 10-இலிருந்து அந்த ஒரு முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். பதில் பாக்கெட்டுகளை ஃபயர்வால் தானாகவே விடும், எதிர்த்திசைக்கு விதி தேவையில்லை. கேமராக்களுக்கு இணையத்தை மூடிவிட்டால் அவற்றின் கடிகாரம் நாளடைவில் விலகும். அதனால் என்விஆரிடமோ ரவுட்டரிடமோ நேரம் கேட்கும்படி அமைத்துவிடுங்கள். நேரம் தப்பிய பதிவு ஒரு திருட்டு நடந்த அன்று உதவாது.

சரி, இனி சுவிட்சுக்கு வருவோம். மாடியில் இருந்தது பிரவுசரில் அமைக்கும் வகை. இவ்வகையில் ஒரு போர்ட்டுக்கு இரண்டு அமைப்புகள் தனித்தனியே இருக்கும். எந்த வீலேனின் பாக்கெட்டுகள் இந்தப் போர்ட் வழியே வெளியே போகலாம் என்பது ஒன்று. வீலேன் எண்ணைச் சொல்லும் டேக் இல்லாமல் உள்ளே வரும் பாக்கெட்டை எந்த வீலேனில் சேர்ப்பது என்பது மற்றொன்று. இதற்குத் திரையில் `PVID` என்று பெயர். கேமரா போர்ட்டை வீலேன் 30-இல் `Untagged` என்று சேர்த்துவிட்டு, `PVID`-ஐ 1-இலேயே விட்டுவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு.

அப்போது என்ன நடக்கும்? கேமரா முகவரி கேட்டு அனுப்பும் பாக்கெட் வீலேன் 1-க்குப் போகிறது. அந்தப் போர்ட் வீலேன் 1-இலும் இன்னும் உறுப்பினராக இருந்து, அங்கே டிஹெச்சிபி ஓடிக்கொண்டிருந்தால், கேமராவுக்கு முகவரி கிடைத்துவிடும். பக்கத்திலேயே என்விஆரும் அதே தவறோடு மாட்டப்பட்டிருந்தால் படமும் வரும். பெயருக்குத்தான் வீலேன் 30. போக்குவரத்து முழுக்க 1-இல் நடக்கிறது. கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. கேமராவின் முகவரி 192.168.30-இல் தொடங்குகிறதா என்று பாருங்கள். அப்புறம் சுவிட்சின் மேக் அட்ரஸ் பட்டியலைத் திறந்து, கேமராவின் மேக் எந்த வீலேனுக்கு நேரே இருக்கிறது என்று பாருங்கள். அமைப்புப் பக்கத்தில் இருப்பது நாம் கேட்டது. இந்தப் பட்டியலில்தான் நடப்பது தெரியும். `PVID`-ஐ 30 ஆக்கிவிட்டு, அந்தப் போர்ட்டை வீலேன் 1-இலிருந்து எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

இரண்டு சுவிட்சையும் இணைக்கும் கேபிள்தான் ட்ரங்க். ஒவ்வொரு ஃபிரேமிலும் 4 பைட் டேக் ஒன்றைச் செருகி, 'இது 10-ஐச் சேர்ந்தது, இது 30-ஐச் சேர்ந்தது' என்று அடையாளத்தோடு அனுப்பும் வழி. பல வைஃபை பெயர்களைத் தரும் ஆக்சஸ் பாயின்டுக்கும் இதே தேவை. இங்கே நான் பட்ட பாடு ஒன்று உண்டு. கார்டு மெஷின்களுக்காக வீலேன் 40 சேர்க்க வேண்டியிருந்தது. கீழ்ச் சுவிட்சில் கட்டளைகள் சிஸ்கோ முறை. `switchport trunk allowed vlan 40` என்று அடித்தேன். அந்த நொடியே மாடிக் கேமராக்கள் மறைந்தன. மாடியில் உட்கார்ந்திருந்த என் லேப்டாப்பும் சுவிட்சை இழந்தது. அந்தக் கட்டளை 40-ஐப் பட்டியலில் சேர்ப்பதில்லை. பட்டியலையே அழித்து 40-ஐ மட்டும் வைக்கிறது. சேர்க்க வேண்டுமென்றால் இப்படி எழுத வேண்டும்:

```
reload in 10
configure terminal
 interface GigabitEthernet0/24
  switchport trunk allowed vlan add 40
 end
show interfaces trunk
reload cancel
```

முதல் வரியை அன்று நான் அடித்திருக்கவில்லை. அதை அடித்துவிட்டால், தொலைவிலிருந்து மாற்றும்போது நம்மை நாமே வெளியே தள்ளிவிட்டாலும், 10 நிமிடத்தில் சுவிட்ச் தானே மறுதொடக்கமாகி, சேமித்த பழைய அமைப்புக்குத் திரும்பும். எல்லாம் சரியென்றால் கடைசி வரியால் அதை நிறுத்திவிட்டு, அதன் பிறகுதான் சேமிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் எல்லாப் போர்ட்டையும் ட்ரங்க் ஆக்கி, கேமரா போர்ட்டில் நேட்டிவ் வீலேனை 30 என்று வைத்துவிடுகிறார்கள். டேக் இல்லாமல் வருவது நேட்டிவ் வீலேனில் சேருவதால் கேமரா ஒழுங்காக ஓடும். ஆனால் சுற்றுச்சுவரில் இருக்கும் அந்தக் கேமராவின் கேபிளைப் பிடுங்கி லேப்டாப்பில் மாட்டி, 10 என்று டேக் போட்டு அனுப்புகிறவர் நேரே பில் கணினிகளின் நடுவே வந்து நிற்பார். ரவுட்டரில் எழுதிய எந்த விதியும் அவரைப் பார்க்காது. கேமரா போர்ட் `switchport mode access`, `switchport access vlan 30` என்றுதான் இருக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் விருந்தினர் வைஃபையிலிருந்து 10.20, 20.1, 30-இல் உள்ள என்விஆர் மூன்றையும் பிரவுசரில் தட்டிப் பார்ப்பேன். எதுவும் திறக்கக்கூடாது. பிறகு வாசல் கேமராவின் கேபிளை நானே கழற்றி லேப்டாப்பில் மாட்டி, எந்த முகவரி வருகிறது, எதை எட்ட முடிகிறது என்று பார்ப்பேன். அந்த விடுதியில் மூன்றாவது கேபிளில் 192.168.1.47 வந்தது. அங்கே `PVID` இன்னும் 1-இலேயே இருந்தது.