குளியல், நீவல், தாலாட்டு: தினமும் இதே வரிசையில்

ஏழெட்டு மாதக் குழந்தை ராத்திரி தூங்க மறுக்கிறதா? தினமும் ஒரே நேரத்தில் இதைச் செய்து பாருங்கள். இளஞ்சூட்டு நீரில் ஐந்து நிமிடம் குளிப்பாட்டுங்கள். முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. துவட்டியதும் உள்ளங்காலில் தொடங்கித் தொடைவரை மெதுவாக நீவிவிடுங்கள். பாட்டிமார் காலில் போட்டுத் தேய்க்கும் அழுத்தம் ராத்திரியில் வேண்டாம். குழந்தை முகத்தைத் திருப்பினால், முதுகை வளைத்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். பிறகு ஒரு தாலாட்டு. மல்லாக்கப் படுக்கவைத்து விளக்கை அணைத்துவிடலாம். எல்லாம் அரை மணிக்குள் முடியட்டும்.

2009-இல் வெளியான ஓர் ஆய்வில் 405 தாய்மார் கலந்துகொண்டார்கள். இந்த வரிசையை இரண்டு வாரம் கடைப்பிடித்த வீடுகளில் பிள்ளைகள் சீக்கிரம் தூங்கினார்கள். நடுராத்திரியில் விழிப்பதும் குறைந்தது. ஆனால் ஆய்வுக்குப் பணம் தந்தது குழந்தைப் பராமரிப்புப் பொருள் தயாரிக்கும் நிறுவனம். கணக்கும் தாய்மார் சொன்னதுதான். குளியலா, நீவலா, எது வேலை செய்தது என்று அதில் தனித்தனியாகப் பார்க்கவில்லை. மாறாத வரிசைதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். அதனால் சளி பிடித்த நாளில் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மற்றதை வழக்கம்போலவே செய்யுங்கள்.