ஃபொலிக்கிள் ஸ்கேன் பாக்கத் தொடங்கிறவங்க விடுற பிழைகள், அதில எனக்கு இன்னும் ஆத்திரம் வாற ஒண்டு

போன மாதம் இரவு ஒன்பது மணி போல ஒரு தங்கச்சி வட்ஸ்அப்பில ஸ்கேன் படம் ஒண்டு அனுப்பியிருந்தா, முட்டைப்பை நாளுக்கு நாள் வளர்றதை ஸ்கேன்ல பாக்கிற ஃபொலிக்கிள் ட்ரெக்கிங்கைப் புதுசாத் தொடங்கின டொக்டர். பீரியட் வந்து பத்தாம் நாள், வலது சூலகத்தில 20 மில்லிமீட்டர் முட்டைப்பை, கர்ப்பப்பை லைனிங் 4 மில்லிமீட்டர். கீழ ஒரு வரி, "அக்கா, நாளைக்கு முட்டை வெடிக்கிற ஊசி போடலாமா?"

படத்தைப் பாத்த உடனே எனக்கு நெஞ்சுக்குள்ள என்னவோ செய்துது. இதே படத்தை நான் கல்முனையில ஸ்கேன் தொடங்கின காலத்தில பாத்திருக்கன், பாத்து ஊசியும் போட்டிருக்கன். அந்தக் கதைக்குத்தான் வாறன். ஜெல் குளிராப் போட்டா ஆள் திடுக்கிடும், பேர் மாறி எழுதாதீங்க எண்டதெல்லாம் இஞ்ச சொல்லல்ல, அது ரெண்டு நாளில தானாப் பழகும்.

இரண்டாம் நாள் ஸ்கேனைத் தவற விடுறது

பீரியட் வந்து ரெண்டாம் மூண்டாம் நாளில ஒரு ஸ்கேன் பாக்கோணும், அதை பேஸ்லைன் எண்டு சொல்லுவம். அண்டைக்கு ரெண்டு சூலகத்திலயும் சின்னச் சின்னப் பைகள்தான் இருக்கோணும், பத்து மில்லிமீட்டருக்குக் குறைவா, லைனிங் மெல்லிசா அஞ்சுக்குக் கீழ. அதுக்குப் பிறகு எட்டாம் பத்தாம் நாள் போல ஒரு பை மத்ததுகளை முந்திப் பெருக்கத் தொடங்கும், நாளுக்கு ஏறக்குறைய ரெண்டு மில்லிமீட்டர் எண்டு கணக்கு வைச்சா பெரும்பாலும் சரியா வரும். 18, 20ஐத் தாண்டினா முட்டை வெடிச்சு வர ரெடி.

இஞ்ச பிரச்சினை என்னெண்டா ரெண்டாம் நாளில வாறதுக்கு எங்கட ஆக்களுக்கு வெக்கம். "தீட்டோட எப்பிடி டொக்டர் ஸ்கேன்" எண்டு கேப்பாங்க, உள்ளால செய்யிற ஸ்கேன் எண்டா கேக்கவே வேணாம். நாங்களும் பாவம் எண்டு நினைச்சு "சரி, ஒன்பதாம் நாள் வாங்க" எண்டு விட்டுருவம். நான் ஒரு அக்காவை அப்பிடித்தான் விட்டன்.

அந்த அக்காக்கு அப்ப 31 வயசு, மண்டூர்ப் பக்கம். குருமண்வெளித் துறையில பாதைப் படகு ஏறி இந்தக் கரைக்கு வந்து, மறுகா பஸ் பிடிச்சு கல்முனைக்கு வருவா, விடிய அஞ்சு மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டாத்தான் சரி. புருசன் கட்டார்ல, 42 நாள் லீவில வந்திருந்தார். அவர் வந்து எட்டாம் நாள் இவக்கு பீரியட். ரெண்டாம் நாளிலருந்து அஞ்சு நாளைக்கு முட்டை வளரக் குடுக்கிற க்ளோமிபீன் மாத்திரை 50 மில்லிகிராம் குடிச்சு முடிச்சு, ஒன்பதாம் நாள் ஸ்கேனுக்கு வந்தா, பேஸ்லைன் பாக்காமலே.

வலது பக்கம் 19 மில்லிமீட்டர், வட்டமா, உள்ளுக்குக் கறுப்பா, சுவர் மெல்லிசா, புத்தகத்தில கீறின மாதிரி அவ்வளவு வடிவு. இடது பக்கம் 11. லைனிங் 4.5. எனக்கு ஒரே சந்தோசம், மருந்துக்கு வெள்ளனவே கேட்டிருக்கு எண்டு. எச்சிஜி 5000 யூனிட் ஊசி போட்டு, அடுத்த ரெண்டு நாளும் சேர்ந்திருங்க எண்டு சொல்லி அனுப்பினன். லைனிங் மெல்லிசா இருந்தது கண்ணில படாம இல்ல, க்ளோமிபீன் குடிச்சா லைனிங் மெலியும்தானே எண்டு நானே எனக்கொரு சாட்டு சொல்லிக்கொண்டன். (அந்தத் தங்கச்சியும் போனில இதே சாட்டைத்தான் சொன்னா, சொல்லுக்குச் சொல்.)

பன்னிரண்டாம் நாள் பாத்தா வலது பக்கம் 20, அப்பிடியே கல்லு மாதிரி இருக்கு. வெடிக்கவும் இல்ல, கர்ப்பப்பைக்குப் பின்னால ஒரு சொட்டுத் தண்ணியும் இல்ல. இடது பக்கத்து 11 எண்டது 12ல நிண்டுட்டு, காலத்துக்கு முந்திப் போட்ட ஊசி அதையும் கெடுத்துப் போட்டுது. அப்பதான் அவட ஃபைலை எடுத்துத் தேடினன், ஷொப்பிங் பேக்குக்குள்ள பழைய பில், பிரிஸ்கிரிப்ஷன் எல்லாம் ஒண்டா மடிச்சு வைச்சிருந்தா, அதுக்குள்ள போன மாதம் வேறொரு இடத்தில இருபதாம் நாள் எடுத்த ஸ்கேன் ரிப்போட். "வலது சூலகத்தில் 21 மில்லிமீட்டர் சிஸ்ட்." நான் ஊசி போட்டது போன மாதத்து மிச்சமா நிண்ட நீர்க்கட்டிக்கு. அதுக்குள்ள வெடிச்சு வரக் கூடிய முட்டை இருக்கேல்ல.

24ஆம் நாள் அவக்கு பீரியட் வந்திட்டு, அதைக் கணக்குப் பாத்தா புருசன்ட லீவில 31ஆம் நாள். அடுத்த முறை பன்னிரண்டாம் நாளில அவர் பிளேன் ஏறினார். மருந்துக் காசும் ஊசிக் காசும் போனது ஒரு பக்கம், அடுத்த லீவு கிடைக்க ஒரு வருசத்துக்கு மேல போயிட்டு. அவ என்னைப் பேசல்ல, "என்ன டொக்டர் செய்யிற, விதி" எண்டுட்டுப் போனா. ஏசியிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

இப்ப அந்தப் படத்தைத் திருப்பிப் பாத்தா பிழை எல்லாம் அதுக்குள்ளயே எழுதிக் கிடக்கு. 19இலருந்து நாளுக்கு ரெண்டு ரெண்டாக் கழிச்சுக்கொண்டு பின்னால போங்க, நாலாம் நாளில 9 வரும். மாத்திரை குடிச்சு ரெண்டு நாள் ஆகேக்க ஒரு பை அவ்வளவுக்கு முந்தி நிக்கிறது வழமையில்ல. வயசு கூடின சிலருக்கு முட்டை வெள்ளனத் தொடங்கும், அதை நான் மறுக்கல்ல, ஆனா அவங்களுக்கு லைனிங்கும் சேந்து தடிக்கும். பெருக்கிற முட்டைப்பைதான் ஈஸ்ட்ரஜன் விடுறது, லைனிங்கைத் தடிப்பாக்கிறது அந்த ஈஸ்ட்ரஜன்தான். 19 மில்லிமீட்டரில ஒரு பை உண்மையா வேலை செய்யிதெண்டா லைனிங் ஏழு எட்டில இருக்கோணும், நடுவில மூண்டு கோடு தெரியோணும். பை பெரிசு, லைனிங் பீரியட் நாளில இருந்த மாதிரியே மெல்லிசு எண்டா ரெண்டில ஒண்டு பொய் சொல்லுது. க்ளோமிபீன்தான் காரணமாவும் இருக்கலாம், ஒரு நாள் படத்தை வைச்சுப் பிரிக்க ஏலாது. அதுக்குத்தான் ரெண்டு நாள் பொறுக்கோணும்.

பேஸ்லைன் தவறிப் போச்செண்டா செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஊசி போடாம ரெண்டு நாள் கழிச்சு கூப்பிடுங்க, ரெண்டு பக்கமும் அளவுங்க. உண்மையான முட்டைப்பை எண்டா 19 எண்டது 22, 23க்குப் போயிருக்கும், இல்லாட்டி வெடிச்சிருக்கும். சிஸ்ட் எண்டா 19, 20லயே நிக்கும், மற்றப் பக்கத்து 11 எண்டது 15ஆகி வந்திருக்கும். அந்த அக்காக்கு அப்பிடிப் பொறுத்திருந்தா பதின்மூண்டாம் நாள் இடது பக்கம் 19 வந்திருக்கக் கூடும், லீவில இருபதாம் நாள், நிறைய நேரம் கிடந்திச்சு.

பேஸ்லைன்ல சிஸ்ட் கண்டா பயப்படத் தேவையில்ல. எந்தப் பக்கம், என்ன அளவு எண்டு கொப்பியில எழுதுங்க, அந்த மாதம் முழுக்க அதைக் கணக்கில எடுக்காதீங்க. ஆனா ரெண்டாம் நாளிலயே லைனிங் தடிப்பா இருந்தா அந்த சிஸ்ட் இன்னும் ஈஸ்ட்ரஜன் விடுதெண்டு சந்தேகப்படோணும், இரத்தத்தில ஈஸ்ட்ரடையோல் பாத்துட்டு, கூடவா இருந்தா மாத்திரையை அந்த மாதம் தொடங்காம விடுறதுதான் நல்லம்.

அந்தத் தங்கச்சிட ஆளுக்கும் ரெண்டு நாள் கழிச்சுப் பாக்கச் சொன்னன். 20 இருபதிலயே நிண்டுச்சு, இடது பக்கம் 13ல ஒண்டு வந்துகொண்டிருந்திச்சு. ரெண்டாம் நாள் ஏன் பாக்கல்ல எண்டு கேட்டா, "அவங்க வெக்கப்பட்டாங்க அக்கா." விசர் வராம என்ன செய்யும்.

ஒரே கோட்டில அளக்கிறது

முட்டைப்பை எப்பவும் வட்டமா இருக்காது, பக்கத்துப் பையும் நாங்க அழுத்திற புரோபும் நெருக்கி அதை முட்டை வடிவாக்கிப் போடும். நீளப்பக்கம் மட்டும் அளந்தா 24 எண்டு வரும், உடனே அவசர அவசரமா ஊசி. மூண்டு பக்கமும் அளந்தா 24, 14, 16, கூட்டி மூண்டால பிரிச்சா 18. உள்சுவரிலருந்து உள்சுவர் வரை அளக்கோணும். ஒண்டு உள்சுவர் ஒண்டு வெளிச்சுவர் எண்டு நாளுக்கு நாள் மாத்தி மாத்தி அளந்தா, வளராத பையும் வளர்ந்த மாதிரித் தெரியும்.

லைனிங்குக்கு வெளியில இருக்கிற கறுப்பையும் சேக்கிறது

கர்ப்பப்பையை நீளவாக்கில, நடுக் கோடு வாய்ப்பக்கம் வரை ஒழுங்காத் தெரியிற மாதிரிப் பிடிச்சு, ஆகத் தடிப்பான இடத்தில ஒரு பக்க வெள்ளை விளிம்பிலருந்து மற்றப் பக்க வெள்ளை விளிம்பு வரை. அதுக்கு வெளியில கறுப்பா ஒரு வளையம் தெரியும், அது தசை, லைனிங் இல்ல. அதையும் சேத்தா 6 எண்டது 9 எண்டு வந்திடும், மெல்லிசான லைனிங்கை நல்ல லைனிங் எண்டு எழுதிப் போடுவம். நடுவில தண்ணி நிண்டா ரெண்டு படையையும் வேறவேறயா அளந்து கூட்டுங்க.

வெயினை முட்டைப்பை எண்டு அளக்கிறது

புரோபைத் திருப்புங்க. குழாயா நீண்டா அது முட்டைப்பை இல்ல, இரத்தம் ஓடுற வெயின்.

எல்லாருக்கும் பன்னிரண்டாம் நாள்

35 நாளுக்கொருக்கா பீரியட் வாறவவுக்கு முட்டை வெடிக்கிறது 21 போல. பன்னிரண்டில பாத்து "முட்டை வளரல்ல" எண்டு எழுதி அழ வைக்காதீங்க.

மூண்டு நாலு பெரிய பை கண்டு சந்தோசப்படுறது

மாத்திரைக்கு மூண்டு பையோ அதுக்கு மேலயோ 15, 16ஐத் தாண்டி வந்தா அந்த மாதம் ஊசி வேணாம், சேரவும் வேணாம் எண்டு சொல்லோணும். சொல்லக் கஷ்டம்தான். மூண்டு பிள்ளையை ஒரே வயித்தில சுமக்கிறது அதை விடக் கஷ்டம்.

வெடிச்சதைப் பாக்காம விடுறது

ஊசி போட்டு 36இலருந்து 40 மணித்தியாலம் போல வெடிக்கும், அதுக்குப் பிறகு ஒருக்கா பாருங்க. பை சுருங்கியோ காணாமலோ போயிருக்கும், இல்லாட்டி ஓரம் நெளிஞ்சு உள்ளுக்கு மங்கலாத் தெரியும், பின்னால கொஞ்சம் தண்ணி நிக்கும், மூண்டு கோடு அழிஞ்சு லைனிங் முழுக்க வெள்ளையாகத் தொடங்கும். லைனிங் வெள்ளையாகியும் பை வெடிக்காம அப்பிடியே நிண்டா முட்டை உள்ளுக்கே மாட்டிட்டு எண்டு அர்த்தம், அடுத்த மாதம் பேஸ்லைன்ல சிஸ்டா நிண்டு எங்களை ஏமாத்த வாறதும் சில நேரம் இதேதான். அதால பக்கத்தையும் அளவையும் அண்டைக்கே ஃபைல்ட முன் பக்கத்தில எழுதி விடுங்க, பேக்குக்குள்ள மடிச்சு வைக்கிற கடதாசியில இல்ல.

ஊசி போட்டு ஒரு கிழமையில யூரின் டெஸ்ட்

வாற கோடு ஊசியில போட்ட எச்சிஜிட கோடு, கர்ப்பத்திட கோடு இல்ல. ரெண்டு கிழமை பொறுக்கச் சொல்லுங்க.